திரைகளை எழுதித் தருவதா, நடந்ததை எழுதித் தருவதா?

காரைக்குடியில் தன் வீட்டு வளவில் பாய் விரித்துப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தரும் ஆசிரியை ஒருவருக்கு, வகுப்பில் இடம் பதிவு செய்ய ஒரு செயலி செய்து கொடுத்தேன். என்ன வேண்டும் என்பதை அவர் இரண்டு முறை, இரண்டு விதமாக எழுதித் தந்தார். வேலை ஒன்றுதான். முதல் தாளைப் பார்த்துப் பத்தே நிமிடத்தில் விலை சொன்னேன்; பிறகு அதை நானே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

முதல் தாள் திரைகளின் பட்டியல்: உள்நுழைவு, அட்டவணை, பதிவு, கட்டணம், வருகை. படிக்க எளிது, மூன்று பேரிடம் கொடுத்து விலை கேட்கலாம். ஆனால் அந்த மூன்று விலைகளும் ஒரே பொருளுக்கானவை அல்ல. ‘கட்டணம்’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டிய கியூஆர் படத்தையே திரையில் காட்டினால் அரை நாள் வேலை. ஆனால் பணம் ஆசிரியையின் கணக்குக்குப் போய்விடும், செயலிக்கு அது தெரியாது, அவர்தான் பார்த்துப் பார்த்துக் கையால் குறிக்க வேண்டும். பணம் வந்ததும் இடம் தானாக உறுதியாக வேண்டும் என்றால், பணப் பரிவர்த்தனை நிறுவனம் ஒன்றில் பதிந்து, அதன் சர்வர் நம் சர்வருக்குச் சொல்லும்படி இணைக்க வேண்டும். அது பல நாள் வேலை. குறைந்த விலை சொன்னவர் எதை நினைத்துச் சொன்னார் என்று அந்தத் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

“டீச்சர், போன மாதம் எந்தெந்த நாளில் பதிவால் தலைவலி வந்தது? அதை மட்டும் எழுதுங்கள்” என்றேன். “அதற்கு இந்தத் தாள் போதாதே, தம்பி” என்று நோட்டை எடுத்தார். முதல் வரி இது: ‘மாலை 5 மணி வகுப்பில் ஆறு பேர்தான். ஏழாவதாக வந்த பிள்ளை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.’

இந்த ஒரு வரி எப்படி வேலையை மாற்றுகிறது என்று பாருங்கள். திரைப் பட்டியலை நம்பிச் செய்பவர், பதிவானவர்களை எண்ணிப் பார்த்து, ஐந்து பேர் இருந்தால் ஆறாவதை அனுமதிக்கும்படி எழுதுவார். தேவகோட்டையில் ஒரு தாயும் கோட்டையூரில் ஒரு தாயும் ஒரே நொடியில் அழுத்தினால், இருவருக்கும் எண்ணிக்கை ஐந்து என்றே தெரியும், இருவரும் பதிவாவார்கள். தனியாக ஒரே போனில் சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டாது. அந்த வரியைப் படித்தவரோ காவலைத் திரையில் வைக்காமல் தரவுத்தளத்தில் வைப்பார். இருக்கைக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து, போஸ்ட்கிரெஸில் இப்படி:

```sql
CREATE UNIQUE INDEX one_seat ON bookings
  (class_id, class_date, seat_no)
  WHERE status IN ('held', 'paid');
```

ஆறாம் எண்ணுக்கு இருவர் வந்தால் இரண்டாமவரைத் தரவுத்தளமே மறுத்துவிடும். ரத்தான பதிவு இந்தக் கணக்கில் வராததால் அந்த இடம் மறுபடி திறக்கும். பணம் கட்டுவதற்காக 10 நிமிடம் இடத்தைப் பிடித்து வைப்பதுதான் `held`. இதில் ஒரு கண்ணி உண்டு: அந்த `WHERE` நிபந்தனையில் ‘இப்போது மணி என்ன’ என்று கேட்க முடியாது. எனவே நேரம் கடந்த பிடிப்புகளை, புதிய பதிவுக்கு முன் நாமே `expired` என்று மாற்ற வேண்டும். மறந்தால், பணமே கட்டாதவர் பெயரில் இடம் காலியாகக் கிடக்கும்.

பதினோராவது நிமிடத்தில் பணம் வந்தால்? இதற்கு எந்த நிரலாளரும் விடை சொல்லக் கூடாது. அது அவர் பணம் அல்ல. ஆசிரியை எழுதினார்: ‘இடம் இருந்தால் கொடு. இல்லையென்றால் பணத்தைத் திருப்பிவிட்டு எனக்குத் தெரியப்படுத்து.’ இப்படிப்பட்ட வரி திரைப் பட்டியலில் வருவதற்கு வழியே இல்லை. முகூர்த்த நாளில் பாதி வகுப்பு கல்யாண வீட்டில் இருக்கும் என்பதும் அப்படித்தான். அதற்கும் விதி சொன்னார்: முதல் நாள் இரவு 8 மணிக்குள் சொன்னால் மாற்று வகுப்பு, பிறகு சொன்னால் இல்லை.

நடந்ததை எழுதும் முறைக்கும் குறை உண்டு. அது வளர்ந்துகொண்டே போகும். ஆசிரியையின் நோட்டில் பதினேழாவது வரி, மழை நாளில் திண்ணையில் செருப்பு நனைவதைப் பற்றியது. அதனால் கடைசியில் ‘இப்போது வேண்டாம்’ என்றொரு பகுதியைச் சேர்க்கச் சொன்னேன். வருகைப் பதிவேடு அங்கே போனது, விலையும் குறைந்தது. திரைகளை எண்ண இறுதியில் முதல் தாளையும் எடுத்தேன், அவ்வளவுதான் அதன் பயன்.

இரண்டாம் தாளின் ஒவ்வொரு வரியும் ஒப்படைக்கும் நாளில் சோதனையாகவும் ஆனது. ஐந்து இருக்கைகளை நிரப்பிவிட்டு, தன் போனை ஒரு கையிலும் மகனின் போனை மறு கையிலும் வைத்து இரண்டையும் ஒன்றாக அழுத்தினார். மகனின் போனில் ‘இடம் முடிந்தது’ என்று வந்தது. நம்பாமல் இன்னும் நான்கு முறை அழுத்திப் பார்த்தார்.