தீபாவளி 19 நாள் தள்ளிப் போனால் விற்பனை ரிப்போர்ட்டை எதோடு ஒப்பிடுவது?

2025-ல் தீபாவளி அக்டோபர் 20, திங்கள். 2026-ல் நவம்பர் 8, ஞாயிறு. இந்த 19 நாள் இடைவெளி, தினமும் காலையில் தானாக மெயிலில் வந்து விழும் விற்பனை ரிப்போர்ட்டுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு "சென்ற ஆண்டு இதே நாள்" என்று ஒரு கட்டத்தை இழுத்து வந்து பக்கத்தில் வைத்து, சதவீதம் போட்டு, சிவப்பு அடித்துக் காட்டும். அதைப் பார்த்து யாராவது ஆர்டரைக் குறைத்துவிட்டால், சரக்கு தேவைப்படும் வாரத்தில் கடையில் சரக்கு இருக்காது. அதனால் எந்த ஒப்பீடு எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் தேதி ஏன் இப்படி நகர்கிறது என்பது. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். அதனால் தீபாவளி வழக்கமாக ஆண்டுக்குப் பதினொரு நாள் போல முன்னே வரும்: 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. இப்படியே போனால் ஐப்பசியை விட்டே வெளியே போய்விடும் என்ற நிலை வரும்போது ஒரு சந்திர மாதம் கூடுதலாகச் சேர்ந்து, பண்டிகை ஒரேயடியாகப் பின்னால் தள்ளப்படும். 2022-லிருந்து 2023-க்கு 19 நாள் தள்ளிப்போனதும், 2026-ல் தள்ளிப்போவதும் இப்படித்தான்.

பேச்சுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் 100 உருப்படி விற்கும் ஒரு கடை, தீபாவளிக்கு முந்தைய 20 நாளும் நாளுக்கு 200 விற்கிறது, வளர்ச்சியும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. அதாவது எந்த ஒப்பீடு சரியாக இருந்தாலும் அது பூஜ்ஜியம் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வழி, ஒரு மாதத்தைப் போன ஆண்டின் அதே மாதத்தோடு வைத்துப் பார்ப்பது. அப்போது வருவது இது:

| மாதம் | 2025 | 2026 | மாற்றம் |
|---|---|---|---|
| செப்டம்பர் | 3100 | 3000 | −3% |
| அக்டோபர் | 5000 | 4400 | −12% |
| நவம்பர் | 3000 | 3700 | +23% |

கடையில் ஒன்றுமே மாறவில்லை, ஆனால் அக்டோபர் ரிப்போர்ட் 12% சரிவு என்கிறது. பவர் பிஐ-யில் `SAMEPERIODLASTYEAR` போட்டிருந்தால் கிடைப்பது இதேதான், ஏனென்றால் அது தேதியை அப்படியே ஒரு வருடம் பின்னால் நகர்த்துகிறது, அவ்வளவுதான். இந்த முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024, 2025 இரண்டு ஆண்டும் பண்டிகை விற்பனை ஏறக்குறைய முழுசாக அக்டோபருக்குள்ளேயே அடங்கிவிட்டது, நம் கணக்கில் 5100-க்கு 5000, வெறும் 2% வித்தியாசம். ரிப்போர்ட் சரியாக வேலை செய்கிறது என்று எல்லாரும் நம்பிப் பழகிய அடுத்த வருடமே அது தவறுகிறது.

தேதி நகர்ந்ததால்தான் இந்தச் சரிவா, இல்லை நிஜமாகவே வியாபாரம் படுத்துவிட்டதா என்று அறிய சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். மேலே உள்ள அட்டவணையில் செப்டம்பர் 100 குறைவு, அக்டோபர் 600 குறைவு, நவம்பர் 700 கூடுதல். கூட்டினால் பூஜ்ஜியம். ஒரு மாதத்தில் போனது பக்கத்து மாதத்தில் அப்படியே திரும்பி வந்தால் அது காலண்டரின் வேலை. வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சிக்கல் என்னவென்றால், இது நவம்பர் முடிந்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது 52 வாரம், அதாவது 364 நாள் பின்னால் போய் ஒப்பிடுவது. திங்களோடு திங்கள், ஞாயிறோடு ஞாயிறு சேரும் என்பதால் வருடத்தின் பெரும்பகுதிக்கு இது மிக நல்ல முறை, சாதாரண வாரங்களுக்கு இதைவிட எளிதாக வேறு எதுவும் இல்லை. ஆனால் பண்டிகை வாரத்தில் மாத ஒப்பீட்டைவிட இதுதான் மோசமாக அடிக்கும். 2026 அக்டோபர் 12 முதல் 18 வரையிலான வாரம், 2025 அக்டோபர் 13 முதல் 19 வரை உள்ள வாரத்தோடு சேர்கிறது. ஒரு பக்கம் சாதாரண வாரம், 700. எதிர்ப்பக்கம் தீபாவளிக்கு முந்தின வாரம், 1400. விற்பனை பாதியாகிவிட்டது என்று ரிப்போர்ட் சொல்லும். மூன்று வாரம் கழித்து நவம்பர் 2 முதல் 8 வரைக்கு 86% வளர்ச்சி என்று அதே ரிப்போர்ட் கொண்டாடும். ஒப்பிடும் காலம் சிறியதாக ஆக ஆக இந்தத் திரிபு பெரிதாகும் என்பதால், தினசரி ரிப்போர்ட்டில் இது இன்னும் கூத்தாக இருக்கும்.

மூன்றாவது, மாதங்களைச் சேர்த்துப் பார்ப்பது. சீனாவின் புள்ளிவிவர அமைப்பு சில்லறை விற்பனையை ஜனவரி, பிப்ரவரி இரண்டுக்கும் சேர்த்தே வெளியிடுவது இதனால்தான், அங்கே புத்தாண்டு இந்த இரண்டு மாதத்துக்கும் இடையே ஊசலாடும். நமக்கு அக்டோபர், நவம்பரைச் சேர்த்தால் 8000-க்கு 8100, அதாவது 1.25% வளர்ச்சி என்று வரும். இதுவும் பொய்தான், சின்னப் பொய். 2025-ல் பண்டிகை விற்பனையின் முதல் நாள் செப்டம்பர் 30-ல் விழுந்ததால் வந்த வித்தியாசம் அது, செப்டம்பரையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் 11,100. சீசன் முடிந்த பிறகு "மொத்தத்தில் எப்படிப் போனது" என்று கேட்பவருக்கு இதைவிட நேர்மையான எண் கிடையாது. சீசன் நடக்கும்போது மட்டும் இதனால் ஒரு பயனும் இல்லை.

காலாண்டாகச் சேர்த்தால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். தீபாவளிக்கு அது பெரும்பாலும் பரவாயில்லை, ஆனால் ஈஸ்டரைப் பாருங்கள்: 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20. ஒன்று முதல் காலாண்டு, மற்றது இரண்டாம் காலாண்டு. எந்த எல்லைக்கோட்டைப் பண்டிகை தாண்டுகிறது என்று பார்த்துத்தான் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

நான்காவதுதான் என் தேர்வு: பண்டிகை நாளைப் பூஜ்ஜியமாக வைத்து எண்ணுவது. தேதியை மறந்துவிட்டு, தீபாவளிக்கு 21 நாள் முன், 20 நாள் முன் என்று இரண்டு ஆண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. இதற்குப் பண்டிகைத் தேதிகளுக்கென்று ஒரு சின்ன அட்டவணை போதும்:

```sql
SELECT f.yr, s.sale_date - f.fest_date AS d,
       SUM(s.amount)
FROM sales s
JOIN festival f
  ON s.sale_date BETWEEN f.fest_date - 35
                     AND f.fest_date + 6
GROUP BY 1, 2;
```

இது போஸ்ட்கிரெஸ்-க்கு எழுதியது, அதில் தேதியிலிருந்து தேதியைக் கழித்தால் நேராக நாள் கணக்கு வரும். முன்னால் 35, பண்டிகை நாளோடு சேர்த்து பின்னால் 7, ஆக 42 நாள். ஏழின் மடங்காக எடுத்ததில் காரணம் இருக்கிறது. நம் கணக்கில் உள்ளபடி 20 நாளை எடுத்தால் 2025-ல் அந்த 20 நாளுக்குள் ஆறு சனி, ஞாயிறு வருகிறது, 2026-ல் ஐந்துதான். வார இறுதியில் கூட்டம் அதிகம் வரும் கடைக்கு அந்த ஒரு நாளே ஒப்பீட்டைச் சாய்த்துவிடும். அதையே 21 நாளாக்கினால் எந்தக் கிழமையில் பண்டிகை வந்தாலும் எல்லாக் கிழமையும் மும்மூன்று. ஆனால் தனி நாளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, பண்டிகைக்கு முந்தின நாள் என்பது 2025-ல் ஞாயிறு, 2026-ல் சனி. அதனால் ஒற்றை நாளை ஒப்பிடாமல் கூட்டுத்தொகையாகவே பார்க்க வேண்டும்.

அட்டவணையில் ஒரு வருடத்துக்கு ஒரு தேதி என்று வைத்தாலும் போதாது. 2024-ல் தமிழ்நாட்டில் அக்டோபர் 31 தீபாவளி, வேறு சில இடங்களில் நவம்பர் 1. பல பகுதிகளில் கிளை இருந்தால் பகுதிக்கென்று ஒரு பத்தி வேண்டும். அப்புறம், பண்டிகைக் காலத்தை இப்படி எடுத்துவிட்டு மிச்ச நாட்களுக்கு 364 நாள் முறையையே தொடர்ந்தால் ஒரு சிக்கல் வரும்: 2025 தீபாவளிக்கும் 2026 தீபாவளிக்கும் இடையே 384 நாள், இரண்டு முறைக்கும் 20 நாள் இடிக்கிறது. 2026-ன் சாதாரண நாள் சில, 2025-ன் பண்டிகை நாட்களோடு மோதும். அந்த நாட்களை மட்டும், போன ஆண்டின் பண்டிகை இல்லாத வாரங்களின் கிழமைவாரிச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

இந்த முறையிலும் சரியாகாதது ஒன்று இருக்கிறது, சம்பள நாள். 2025-ல் சம்பளம் கைக்கு வந்தது தீபாவளிக்கு 20 நாள் முன்பு. 2026-ல் அது எட்டு நாள் முன்புதான் வருகிறது. ஆக, தீபாவளிக்கு 14 நாள் இருக்கையில் இரண்டு ஆண்டையும் பக்கத்தில் வைத்தால் 2026 பின்தங்கியிருப்பதாகத் தெரியலாம், வாங்க நினைப்பவர்கள் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயமாக இருக்கும். இதற்கு வழி, அளவுக்கு ஒரு ஆண்டும் வேகத்துக்கு வேறொரு ஆண்டும் எடுத்துக்கொள்வது. மொத்தம் எவ்வளவு என்பதற்கு 2025. எத்தனையாவது நாளில் மொத்தத்தில் எத்தனை சதவீதம் விற்றிருக்க வேண்டும் என்பதற்கு 2023, ஏனென்றால் அந்த வருடமும் தீபாவளி நவம்பரில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சம்பள நாளும் பதினோரு பன்னிரண்டு நாள் முன்னால், 2025-ஐவிட எவ்வளவோ நெருக்கம்.

ஐந்தாவதாகப் புள்ளியியல் மாதிரி கட்டும் வழியும் உண்டு. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் X-13ARIMA-SEATS மென்பொருளில் ஈஸ்டருக்கான சரிசெய்தல் உள்ளேயே இருக்கிறது, மற்ற நகரும் பண்டிகைகளுக்கு `genhol` என்ற துணை நிரலை வைத்து உருவாக்கிக்கொள்ளலாம். நீண்ட கால மாதாந்திரத் தரவு உள்ளவர்களுக்கு அருமையான கருவி. ஆனால் மூன்று நான்கு வருடத் தரவு மட்டுமே இருக்கும் கடையில் பண்டிகை அந்த மூன்று நான்கு தடவைதான் வந்திருக்கும், அதை வைத்து மாதிரி எதைக் கற்றுக்கொள்ளும்? அங்கே நான்காவது வழியே போதும்.

தானியங்கி ரிப்போர்ட்டை ஒரே நாளில் மாற்ற முடியாது என்றால், இருக்கிற சதவீதத்துக்குப் பக்கத்தில் இரண்டு பத்தி மட்டும் சேர்த்துவிடுங்கள்: இந்த ஆண்டு பண்டிகைக்கு எத்தனை நாள் இருக்கிறது, ஒப்பிடப்படும் நாளில் போன ஆண்டு எத்தனை நாள் இருந்தது. 52 வார ஒப்பீட்டில் 2026 அக்டோபர் 18-க்கு −50% என்று சிவப்பாகத் தெரிந்தாலும், பக்கத்தில் 21 என்றும் 1 என்றும் இருந்தால், ஆர்டரைக் குறைக்கக் கை போகாது.