போன கையின் வரைபடம்: அழிகிறதா, அப்படியே இருக்கிறதா?

கையை அகற்றிய பிறகும் இல்லாத விரல்கள் எரிவது ஏன்? மூளையில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் இடம் உண்டு; அதுவே மூளையின் உடல் வரைபடம். பழைய விளக்கப்படி, அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கையிலிருந்து சேதி நின்றதும் முகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட, அவர் இல்லாத கட்டைவிரலில் தொடுவதாக உணர்ந்தார். 1995இல் உளவியல் ஆய்வாளர் ஹெர்டா ஃப்ளோரின் குழு, இந்த இடமாற்றம் கூடினால் வலியும் கூடுவதாகக் கண்டது.

மறுதரப்போ, வரைபடம் அசையவே இல்லை என்கிறது. 2025இல் வெளியான ஆய்வில் மூவரைக் கை அகற்றும் முன்பும் பின்பும் ஸ்கேன் செய்தார்கள். இல்லாத விரலை அசைக்க முயன்றபோது பழைய இடமே இயங்கியது. உதட்டுப் பகுதி பரவவில்லை. மூன்றே பேர்தான், சரி. ஆனாலும் அதே ஆளின் முன்-பின் ஒப்பீடு என்பதால் எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது. அப்படியானால் வலியின் மூலத்தை வெட்டுப்பட்ட நரம்பு நுனிகளிலும் தேட வேண்டும்.