நாலு வருசமாகக் குங்குமப்பூ வாங்குகிறேன், ரெண்டு வருசம் வாங்கியது குங்குமப்பூவே இல்லை

நேற்றுப் பின்னேரம் சாய்ந்தமருதில் இருக்கிற ராத்தா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. சின்னத் தகரப் பேணி, மேலே தங்க எழுத்தில் ‘சூப்பர் நெகின்’, கீழே 1 கிராம். “கடையில 1,800 எண்டு வித்தது இப்ப 650க்கு இறக்கிட்டாங்க புள்ள. மகளுக்கு அஞ்சு மாசம். ரெண்டு எடுக்கட்டா?” என்று கேட்டிருந்தா. “எடுக்காதீங்க, முதல்ல ஒண்டு மட்டும் எடுத்து என்னட்டக் கொண்டு வாங்க” என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு இருந்து யோசித்ததில் வந்த எரிச்சல்தான் இது.

நான் வீட்டில் புரியாணி ஓடருக்குச் செய்கிறவள். நாலு வருசமாகிறது. அதில் முதல் ரெண்டு வருசம் ராத்தா காட்டிய பேணியின் தம்பி ஒன்றைத்தான் 600 ரூபாவுக்கு வாங்கினேன். அந்தக் காலத்தில் என்னைக் கேட்டிருந்தால் அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். பாலில் போட்ட உடனே செக்கச் செவேல் என்று நிறம் இறங்கும், தம் போட்ட சோற்றில் செம்மஞ்சள் கோடு கோடாக ஓடும், படம் எடுத்தால் அவ்வளவு அழகு. மணம் மட்டும் இல்லை. மணம் வரட்டும் என்று அள்ளி அள்ளிப் போட்டேன், மூன்று கிலோ அரிசிக்கு ஒரு பேணி போய்விடும்.

கட்டாரில் இருந்து வந்த மச்சான் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல் தந்த நாளில்தான் குட்டு உடைந்தது. அதை வெதுவெதுப்பான பாலில் போட்டேன். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், பால் வெள்ளையாகவே கிடக்கிறது. “மச்சானை யாரோ ஏமாத்திட்டாங்க” என்று உம்மாவிடம் சொன்னேன். கால் மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பொன் மஞ்சள், மூடியைத் திறந்தால் காய்ந்த வைக்கோலும் தேனும் கலந்த மாதிரி ஒரு மணம். ஏமாந்தது மச்சான் இல்லை.

இதில்தான் நம்மில் பாதிப் பேர் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். நிறம் கெதியாக இறங்கினால் நல்ல சாமான் என்று நினைக்கிறோம். குங்குமப்பூ இழை என்பது ஒரு பூவின் சூலகமுடி. அதன் நிறம் உள்ளே இருக்கிறது, தண்ணீர் ஊறி உள்ளே போய்த்தான் அதைக் கரைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதனால் மெதுவாக வரும், மஞ்சளாக வரும், மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். இழை மட்டும் சிவப்பாகவே கிடக்கும், அடுத்த நாள்தான் வெளிறும். சாயம் பூசியது மேலே இருக்கிற நிறத்தை அரை நிமிசத்தில் கொட்டிவிடும், சிவப்பாகக் கொட்டும், பிறகு இழை வெளிறிப் போய் மிதக்கும்.

அன்றைக்கு ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரெண்டு வெள்ளைக் கோப்பை, கை சுடாத சூட்டில் தண்ணீர், ஒவ்வொன்றிலும் பத்து இழை. கொதி தண்ணீர் வேண்டாம், அதில் எல்லாமே கெதியாக நிறம் விடும், வித்தியாசம் தெரியாது. அரை மணித்தியாலம் விட்டு, ஊறிய இழைகளை எடுத்து வெள்ளைத் தட்டில் ஊசி முனையால் விரித்தேன். மச்சான் தந்தது ஒரு முனையில் நூல் மாதிரி மெல்லிசு, மற்ற முனை எக்காளம் மாதிரி அகன்று, வாயோரம் சுருக்குச் சுருக்காக, பக்கத்தில் ஒரு பிளவு. என் பேணியில் இருந்தது ஒரு மெல்லிய குழாய், நுனியில் அஞ்சு சின்ன விரலாகப் பிரிகிறது. அது குசும்பாப் பூ. எண்ணெய் எடுக்கிற குசும்பாதான், அதன் இதழைக் காய வைத்துச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். வேறு பேணிகளில் சோளப்பொத்தியின் நாரும் வருமாம். அப்படியென்றால் ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும், எக்காள வாய் கிடையாது. காய்ந்து சுருண்டு கிடக்கும்போது இவை எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் கடையில் நின்று கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஆட்களை நான் நம்புவதில்லை, என் பெரிய காக்கா உட்பட.

ஆனால் எக்காள வாய் இருந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே நிறம் இறக்கி எடுத்த உண்மையான இழைக்கே திரும்பச் சாயம் ஏற்றுவதும் உண்டு. உருவம் சரியாகவே இருக்கும். அதற்கு நான் செய்வது, முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு அதே இழைக்குப் புதுத் தண்ணீர் விடுவது. நல்லது திரும்பவும் மஞ்சள் விடும். சாயம் ஏற்றியது ரெண்டாந்தரம் பேருக்கு ஏதோ விடும். ஒரு இழையை நாக்கிலும் வைத்துப் பார்க்கலாம். மணம் இனிப்பாக இருந்தாலும் ருசி கசப்பு. இனித்தால் எடைக்காகத் தேனோ சீனிப் பாகோ தடவியிருக்கிறார்கள். வெள்ளைக் கடதாசிக்குள் வைத்து அழுத்தி எண்ணெய்க் கறை வந்தால் அதுவும் எடைக்காகத்தான்.

எடை என்றதும் இன்னொன்று. மச்சானின் போத்தல் முடிந்த பிறகு நானாக வாங்கத் தொடங்கினேன், இப்போது 1 கிராம் 2,200 ரூபா. அவ்வளவு காசு கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. கல்முனையில் தெரிந்த நகைக்கடையில் தராசு இருக்கிறது, அங்கே கொண்டு போனேன். நூறு இழையை எண்ணி வைத்தார், 0.22 கிராம். அப்படியானால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 450 இழை. ஒரு பூவில் மூன்று இழை, அப்போ 150 பூ. இந்தக் கணக்குப் புத்தகக் கணக்கோடு பொருந்துகிறது. நெகின் மாதிரித் தடித்த வகை என்றால் எண்ணிக்கை குறையும், ஆனால் பாதியாகக் குறைந்தால் இழையில் வேறு ஏதோ ஏறியிருக்கிறது என்று நினைக்கலாம். நகைக்கடைக்காரர் “பவுனுக்குக் கூட இப்பிடி எண்ணல்ல தங்கச்சி” என்றார்.

விலை நியாயமா என்பதும் அந்த 150 பூவில்தான் இருக்கிறது. உலகத்தில் விளைவதில் மிகப் பெரும் பங்கு ஈரானில், அதிலும் கொராசான் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் சில கிழமைதான் பூக்கும். விடியலில் கையால் பூப் பறித்து, ஒவ்வொரு பூவிலும் மூன்று இழையைக் கையால் கிள்ளி, பிறகு உலர்த்த வேண்டும். நல்ல சாமானுக்கு அங்கேயே மொத்த விலை கிலோ ஆயிரம் டொலர் என்று வைப்போம். டொலரை 300 ரூபா என்று வைத்தால் கிராம் 300 ரூபா. பிறகு பேணி, கப்பல், வரி, கொழும்பு வியாபாரி, கல்முனைக் கடை எல்லாரும் அதில் சாப்பிட வேண்டும். 650க்கு வருகிறது என்றால் இவர்களில் யாரோ பட்டினி கிடக்கிறார்கள், இல்லையென்றால் உள்ளே குங்குமப்பூ இல்லை. 1,800 என்று விற்ற சாமான் திடீரென்று 650க்கு இறங்குவதற்கும் எனக்கு ஒரு காரணம்தான் தெரிகிறது.

நம் நாட்டுக்கே உரிய குழப்பம் ஒன்றும் இருக்கிறது. நம்மூரில் இங்கிலீசு பேசுகிறவர்கள் மஞ்சளையும் ‘சஃப்ரன்’ என்றுதான் சொல்வார்கள். பக்கெற்றிலும் அப்படியே அடித்து வரும். என் மாமி ஒருக்கா கொழும்பில் இருந்து ‘சஃப்ரன் பவுடர்’ கால் கிலோ மலிவாகக் கிடைத்தது என்று சந்தோசமாகக் கொண்டு வந்தா. மீனுக்குப் போட்டுச் சாப்பிட்டோம். உண்மையான குங்குமப்பூவாக இருந்தாலும் தூளாக வாங்கவே வாங்காதீர்கள், எக்காளத்தை எங்கே தேடுவது?

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெகின், சர்கோல் என்றால் சிவப்புப் பகுதி மட்டும் வெட்டி எடுத்தது. பூஷால் என்றால் அடியில் கொஞ்சம் மஞ்சள் வால் இருக்கும். அந்த வாலில் நிறமும் மணமும் குறைவு, எடைதான் மிச்சம். ஆனாலும் முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் பூஷாலைத்தான் சொல்வேன். சிவப்பு மெல்ல மெல்ல வெளிறி மஞ்சளாகிற அந்த இடத்தைச் சாயத்தால் செய்வது கஷ்டம், அடியிலிருந்து நுனிவரை ஒரே சிவப்பாக அடித்து விடுவதுதான் அவர்களுக்குச் சுகம். பேணியில் ‘நெகின்’ என்று யாரும் அடிக்கலாம். தரத்தை உறுதியாகச் சொல்ல ஆய்வுகூடத்தில் நிற வலிமை அளக்க வேண்டும், முதல் தரத்துக்கு 200க்குக் குறையக் கூடாது. அந்த 200ஐயும் பேணியில் யாரும் அடிக்கலாம்.

சரி, உண்மையான சாமானோடு ரெண்டு வருசம் எப்படி? ஒரு கிலோ அரிசிக்கு 20 இழை. ஒரு சிட்டிகை சீனியோடு இடித்து, வெதுவெதுப்பான பாலில் அரை மணித்தியாலம். ஒரு கிராம் 22 கிலோவுக்குக் காணும், கிலோவுக்கு 100 ரூபா. பழைய பேணி மூன்று கிலோவுக்கு ஒன்று, கிலோவுக்கு 200 ரூபா. மலிவு என்று வாங்கியதற்கு ரெண்டு மடங்கு கொடுத்திருக்கிறேன்! முதல் வருசம் கண்ணாடிப் போத்தலில் யன்னல் பக்கம் வைத்து ஒரு கிராமின் நிறம் செத்துப் போனது என் பிழை. இப்போது இருட்டு அலுமாரி.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வாங்குங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் புரியாணிச் சஹனைத் திறந்த உடனே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “என்ன, முந்தி மாதிரி நிறம் காணாதே?” சாயத்தைச் சாப்பிட்டுப் பழகிய கண்ணுக்கு உண்மையான மஞ்சள் வெளிறித் தெரிகிறது. போன நோன்புப் பெருநாளைக்கு ஒரு ஓடர்காரர் குங்குமப்பூப் போடாமல் காசு எடுத்தேன் என்றே சொன்னார். அன்றைக்கு இரவு அந்த 600 ரூபாப் பேணியை நினைத்து ஏங்கியது உண்மை. வியாபாரத்துக்கு என்றால் குங்குமப்பூ ஒரு தொல்லை. வீட்டுக்கு என்றால் ஒரு கிராம் ஒரு வருசத்துக்குக் காணும். நான் ரெண்டுக்கும் வாங்கிக்கொண்டிருக்கிறேன், எனக்கு வேறு வேலை இல்லை.

ராத்தா இன்றைக்குக் காலையில் பேணியோடு வந்தா. பிள்ளை நிறமாகப் பிறக்கும் என்பதெல்லாம் வாப்பா உம்மாவிடம் இருந்து வருவது, பாலில் இருந்து இல்லை என்று சொன்னேன், கோபித்துக்கொண்டா. ருசிக்கு ரெண்டு மூன்று இழை போடட்டும், அது பிரச்சினை இல்லை. என்ன சாயம் என்று பேணியில் எழுதாத சாமானை அஞ்சு மாசக்காரிக்குக் கொடுப்பதுதான் எனக்குப் பயம். கோப்பையில் பத்து இழை போட்டேன். “அங்க பாரு, எவ்வளவு கெதியா நிறம் விடுது!” என்று ராத்தா சந்தோசமாகச் சொன்னா. நான் தட்டையும் ஊசியையும் எடுக்கப் போனேன்.