எரிசாம்பலில் உள்ள ஈயத்தைக் கட்டுவது: சிமென்டா, பாஸ்பேட்டா?

குப்பை எரியுலையின் புகை வடிகட்டியில் சேரும் பறக்கும் சாம்பலில் ஈயமே முதல் தலைவலி. அமில வாயுக்களை அடக்கத் தெளித்த சுண்ணாம்பின் மிச்சமும் அதில் கலந்திருப்பதால், நீர் பட்டால் பிஎச் 12-ஐத் தாண்டும். அந்தக் கடுங்காரத்தில் ஈயம் மீண்டும் கரையத் தொடங்கும்.

சிமென்ட் முறையில், ஒரு டன் சாம்பலுடன் 200 கிலோ சிமென்டும் 300 கிலோ நீரும் சேர்த்தால், புதைகுழியில் இறங்குவது ஒன்றரை டன். கட்டி உறுதியாகும், காட்மியம் நன்றாக அடங்கும். ஆனால் சிமென்டும் காரமே என்பதால் ஈயத்துக்கு அது பாதி மருந்துதான். துத்தநாகமும் ஈயமும் இறுகுவதைத் தாமதப்படுத்தும். சாம்பலிலுள்ள அலுமினியத் துகள்கள் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும். கலவையின் மேற்பரப்பில் குமிழ்கள் எழுந்து, அச்சுக்குள் அது உப்பினால், கட்டியில் விரிசல் விழப்போகிறது என்று அறியலாம்.

பாஸ்பேட் முறையில், பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிதளவு நீருடன் கலந்து பிசையும்போது, ஈயமும் பாஸ்பேட்டும் சாம்பலிலேயே நிறைந்துள்ள குளோரைடும் இணைந்து, பரந்த பிஎச் எல்லையில் கரையாத குளோரோபைரோமார்பைட் என்ற கனிமமாகின்றன. எடை அதிகம் கூடாது, ஆனால் கட்டியாகாமல் ஈரமண் போலவே இருக்கும். மிச்சச் சுண்ணாம்பு அதிகமிருந்தால் கால்சியமே பாஸ்பேட்டை விழுங்கிவிடும்.

ஈயமே கசிவு வரம்பை மீறும் சாம்பலுக்கு நான் பாஸ்பேட்டையே தேர்வேன். நீரில் கரையும் உப்புகளை இரண்டு முறைகளுமே பிடித்துவைக்காது. ஆகவே குழிக்கு மழைமறைப்பும் அடித்தள விரிப்பும் இரண்டிலும் வேண்டும்.