டயர் காற்று விளக்கு சிமிட்டிவிட்டு நின்றால்: சென்சார் கோளாறா, காற்றுக் கசிவா?

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே பல வருஷமாக ஓடும் கார் என்னுடையது. நான்கு சக்கரத்திலும் வால்வோடு சேர்ந்த சென்சார் உண்டு. ஆனால் எந்த டயரில் எவ்வளவு காற்று என்று டேஷ்போர்டில் எண் வராது, ஒரே ஒரு மஞ்சள் விளக்குதான். அது எரியும் விதத்தைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

காற்று குறைந்தால் விளக்கு சிமிட்டாமல் ஒரே சீராக எரியும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக நின்றால், ஏதோ ஒரு சென்சாரின் சிக்னல் வரவில்லை. கோளாறு தீரும்வரை ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அந்தச் சிமிட்டல் திரும்ப வரும்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் பின்பக்க இடது டயர் பஞ்சரானது. ஸ்டெப்னி மாட்டிக் கொஞ்ச தூரம் போனதும் விளக்கு சிமிட்டியது. ஸ்டெப்னியில் சென்சார் கிடையாது, அதனால் அது சரிதான். ஆனால் பஞ்சர் ஒட்டிய பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டி, நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டியும் சிமிட்டல் நிற்கவில்லை. வண்டிக்கு ஏற்கெனவே தெரிந்த சென்சார்தான், ஓட ஓடத் தானே பிடித்திருக்க வேண்டும். அப்போதே சென்சார்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இங்கேதான் பலரும் 'சென்சார்தானே, அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்து. சிக்னல் வராத சக்கரத்தில் காற்று இறங்கினாலும் விளக்கு சொல்லாது. அதனால் கேஜை எடுத்தேன். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் 33 வைத்தேன். மறுநாள் காலை மூன்றில் 33 அப்படியே இருந்தது, பஞ்சர் ஒட்டிய அந்தச் சக்கரத்தில் மட்டும் 31. அதற்கடுத்த நாள் 28. நான்கும் ஒன்றாக ஓரிரு புள்ளி இறங்கியிருந்தால் குளிர் காரணம் என்று விட்டிருப்பேன். ஒன்று மட்டும் இறங்கினால் கசிவுதான்.

சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பஞ்சர் ஒட்டிய இடத்தில் நுரை இல்லை, ரிம் ஓரத்திலும் இல்லை. வால்வின் அடியில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ் வந்துகொண்டே இருந்தது. டயரைக் கழற்றியபோது இரண்டுக்கும் ஒரே காரணம் தெரிந்தது: பஞ்சர் ஒட்ட டயரைப் பிரித்தபோது லீவர் வால்வுப் பக்கம் பட்டு சென்சாரின் கூடு விரிசல் விட்டிருந்தது, அது இடித்த வேகத்தில் வால்வின் ரப்பர் சீலும் நகர்ந்திருந்தது.

புது சென்சாரும் புது சீலும் போட்டார்கள். புது சென்சாரின் எண்ணைக் கருவி வைத்து வண்டியில் பதிந்த பிறகுதான் சிமிட்டல் நின்றது. மாட்டினால் மட்டும் போதாது. காற்றும் அதன்பின் இறங்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பஞ்சர் கடையிலும் டயரைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "அண்ணே, வால்வுக்குப் பின்னாடி சென்சார் இருக்கு, லீவரை அந்தப் பக்கம் விடாதீங்க."