"30 சதவீதம் பயணம்" என்று சொல்லி எடுத்தார்கள்: ஃபீல்ட் இன்ஜினியர் வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஹாஸ்பிடல் லேப்களில் ரத்தப் பரிசோதனை செய்யும் அனலைசர்களுக்கு சர்வீஸ் பார்க்கும் வேலை அது. பயணம் எவ்வளவு இருக்கும் என்று இன்டர்வியூவிலேயே கேட்டேன். "30 சதவீதம் இருக்கும்" என்றார் சர்வீஸ் மேனேஜர். ஆன்-கால், அதாவது ஆபீஸ் நேரம் முடிந்த பிறகும் போன் வந்தால் கிளம்பத் தயாராக இருக்கும் முறை, எப்படி என்றும் கேட்டேன். "லிஸ்ட்ல நாலு பேர் இருக்கீங்க, நாலு வாரத்துக்கு ஒரு வாரம் வரும். போன் வர்றதே அபூர்வம்" என்றார். இரண்டு பதிலும் எனக்குத் திருப்தியாக இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

14 மாதத்தில் அந்த வேலையை விட்டேன். வீட்டில் ஒரு சின்னக் குழந்தை இருக்கும்போது வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வெளியில் இருக்க முடியவில்லை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கவும் முடியவில்லை. விடுவதற்கு முன், ஒவ்வொரு சர்வீஸ் விசிட்டையும் பதிவு செய்த என்னுடைய கால் ஷீட்டுகளையும் செலவு க்ளெய்ம்களையும் எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். அப்போதுதான் எங்கே ஏமாந்தேன் என்று தெளிவாகப் புரிந்தது. இதே மாதிரி ஆஃபர் கையில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த 30 சதவீதம். முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் ட்ரெய்னிங்கிலேயே போனது. அதை விட்டுவிட்டு அடுத்த 12 மாதத்தை மட்டும் எண்ணினேன். லீவு, விடுமுறை எல்லாம் போக வேலை நாட்கள் சுமார் 220. அதில் கஸ்டமர் சைட்டுக்குப் போன நாட்கள் 143. வெளியூரில் தங்கிய இரவுகள் 64. 64-ஐ 220-ஆல் வகுத்தால் 29 சதவீதம் வருகிறது. அதாவது மேனேஜர் சொன்ன எண் சரிதான்! அவர்கள் கணக்கில் ஓட்டலில் தங்கிய பில் இருந்தால்தான் அது பயணம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி, நாள் முழுக்க மெஷினைப் பிரித்து மாட்டி, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினால் அது "லோக்கல் விசிட்". அந்த நாட்கள் எதுவும் 30 சதவீதத்தில் சேரவில்லை. என் கணக்கில் வேலை நாட்களில் 65 சதவீதம் வெளியில்தான் போயிருக்கிறது.

இதற்குப் பெயர் பொய் என்று நேரடியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று சொல்பவருக்குத் தெரியும். தெரிந்தும் விளக்காமல் விடுவதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

சேர்வதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். அதுதான் எனக்கு வருத்தம். சர்வீஸ் வேலையில் பயணத்தைத் தீர்மானிப்பது மேனேஜரின் மனசு கிடையாது. உங்கள் ஏரியாவில் எத்தனை மெஷின் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு எத்தனை முறை போக வேண்டும், அதை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள், இவ்வளவுதான். என்னுடைய ஏரியாவையே எடுத்துக்கொண்டு போட்டுக் காட்டுகிறேன்.

மொத்தம் 60 மெஷின். ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு இரண்டு பி.எம்., அதாவது பழுது வருவதற்கு முன்பே செய்யும் பராமரிப்பு. ஒரு பி.எம். கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை. ஆக 120 விசிட். அப்புறம் பிரேக்டவுன் கால்கள். எங்கள் மெஷின்களில் ஒன்றுக்கு வருஷத்துக்கு நாலு வாக்கில் வரும், ஆக 240. இதில் பாதி போனிலேயே முடிந்துவிடும், அல்லது ரிமோட்டில் லாகின் செய்து சரிசெய்துவிடலாம். மிச்சம் 120-க்கு நேரில் போக வேண்டும். அந்த 120-ல் நாலில் ஒன்றுக்கு ஸ்பேர் கையில் இல்லாததால் இரண்டாம் முறையும் போக வேண்டியிருக்கும். அது ஒரு 30. எல்லாம் சேர்த்து 270 விசிட்.

மூன்று இன்ஜினியர் இருந்தால் ஆளுக்கு 90. இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 135. எங்கள் ஏரியாவுக்கு மூன்று போஸ்ட் என்றார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் நான் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்னால் அதில் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த இடம் நான் இருந்த 14 மாதமும் நிரப்பப்படவில்லை. நோட்டில் பென்சிலால் போட்டால் 135 வருகிறது. நான் உண்மையில் போனது 143 நாள். இவ்வளவு கிட்டத்தில் வரும் கணக்கை ஆஃபர் வந்த அன்றைக்கே பத்து நிமிடத்தில் போட்டிருக்கலாம்.

தங்கும் இரவுகளுக்கும் இதே வழிதான். 60 மெஷின்களின் இருப்பிடத்தை மேப்பில் குறித்தால், என் வீட்டிலிருந்து போவதற்கு மட்டுமே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிற இடத்தில் 24 மெஷின் இருந்தன, அதாவது ஐந்தில் இரண்டு. 135 விசிட்டில் ஐந்தில் இரண்டு 54. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் இரவு தங்கல், சிலவற்றுக்கு இரண்டு. க்ளெய்மில் இருந்த 64 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா? பி.எம். எத்தனை, கால் எத்தனை என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். புதிதாக வைத்த மெஷின்களுக்கு முதல் சில மாதங்களில் கால் அதிகம் வரும், வயதான மெஷின்களும் அப்படித்தான். அதனால் என் எண்களை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் ஏரியாவின் எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஆன்-கால். இதில்தான் எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது.

சேர்ந்த முதல் வாரம் ரோஸ்டர் ஷீட்டைத் திறந்து காட்டினார்கள். நாலு பெயர் இருந்தது. ஒரு வரிசை சாம்பல் நிறத்தில் இருந்தது. அதுதான் விட்டுப் போனவரின் காலி இடம். இன்னொரு பெயர் பக்கத்து ஏரியாக்காரர். அவருக்கு எங்களுடைய பெரிய மாடலில் ட்ரெய்னிங் கிடையாது. சர்ட்டிஃபிகேட் இல்லாமல் அந்த மெஷினைத் தனியாகத் திறக்கக் கூடாது என்பதால் அவருடைய கட்டங்கள் எல்லாம் காலியாகவே இருந்தன. என்னை விட்டால் மிச்சம் இருந்தது ஒரு சீனியரின் பெயர் மட்டும்தான். என்னுடைய ட்ரெய்னிங் முடியும் ஒன்பதாவது வாரத்திலிருந்து ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான் என்று வருஷக் கடைசி வரைக்கும் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார்கள். நாலில் ஒன்று என்றால் வருஷத்துக்கு 13 வாரம். எனக்கு வந்தது 26.

அந்தச் சீனியரிடம் கேட்டேன். "அண்ணா, நாலு பேர்னு சொன்னாங்களே?" அவர் ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கும் நாலு பேர்னுதான் சொன்னாங்க தம்பி" என்றார். அவர் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"போன் வர்றதே அபூர்வம்" என்றதும் பாதி உண்மைதான். 60 மெஷினில் 24 மணி நேர சர்வீஸ் கான்ட்ராக்ட் இருந்தது 30-க்குத்தான். மற்றவற்றுக்கு ஆபீஸ் நேரம் மட்டும். அந்த முப்பதும் பெரிய லேப்கள், ஓட்டம் அதிகம், அதனால் மெஷினுக்கு ஐந்து கால் என்று வையுங்கள், 150. அதில் மூன்றில் ஒரு பங்கு ஆபீஸ் நேரத்துக்கு வெளியே வரும். ஆக வருஷத்துக்கு 50, வாரத்துக்கு ஒன்று. பாதி போனில் முடியும். கேட்க அவ்வளவு மோசமாகத் தெரியாது.

ஆனால் அந்த 30 கான்ட்ராக்டிலும் நாலு மணி நேரத்தில் இன்ஜினியர் சைட்டில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கடிகாரம் ஓட ஆரம்பிப்பது கஸ்டமர் கால் பதிவு செய்த நிமிடத்திலிருந்து. எனக்குத் தகவல் வருவதிலிருந்து அல்ல. என்னுடைய தூரமான சைட் மூன்றரை மணி நேரப் பயணம். ஆக என்ன எரர் என்று கேட்டு, எந்த ஸ்பேர் வேண்டும் என்று யோசித்து, வண்டியில் ஏற்றிக் கிளம்ப எனக்கு இருந்தது அரை மணி நேரம். அந்த வாரம் முழுக்க ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது, குடும்பத்தோடு பக்கத்து ஊருக்குப் போக முடியாது. போன் அடிக்காத ஆறு நாளும் டூல் பாக்ஸும் லேப்டாப்பும் வாசலிலேயே இருக்கும். போன் எத்தனை முறை அடித்தது என்பதை வைத்து ஆன்-காலை அளக்காதீர்கள். எத்தனை வாரம், எத்தனை மணி நேர வரம்பு, உங்கள் வீட்டிலிருந்து தூரமான சைட் எவ்வளவு நேரம், இந்த மூன்றையும் கேளுங்கள்.

ஒரு தடவை இரவு 1:40-க்கு கால். சாம்பிள் எடுக்கும் ஊசி ஒவ்வொரு ட்யூபிலும் அடைப்பு என்று காட்டி மெஷின் நிற்கிறது, எமர்ஜென்சி வார்டு சாம்பிள்கள் காத்திருக்கின்றன. போனில் வாஷ் சைக்கிள் ஓட்டச் சொல்லிப் பார்த்தேன், சரியாகவில்லை. கிளம்பினேன். ஊசியையும் ட்யூபிங்கையும் மாற்றி, ரிசல்ட் முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டி, ரிசல்ட் ரேஞ்சுக்குள் வந்தபோது காலை ஏழரை. அன்றைக்கே பத்து மணிக்கு வேறு ஊரில் ஒரு பி.எம். போட்டிருந்தது. மாற்றச் சொல்லிக் கேட்டதற்கு, கஸ்டமர் மெஷினை நிறுத்தி வைத்துவிட்டார், போய்த்தான் ஆக வேண்டும் என்றார்கள். தூங்காமல் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேன். அதை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. இரவு கால் முடிந்தால் மறுநாள் எத்தனை மணி நேரம் ஓய்வு, அது எழுத்தில் இருக்கிறதா என்று நான் கேட்டிருக்கவே இல்லை. என் ஆஃபர் லெட்டரில் இருந்தது "பணியின் தேவைக்கேற்ப பயணமும் அழைப்புப் பணியும் இருக்கும்" என்ற ஒரு வரிதான்.

சம்பளத்தில் ஒன்று மட்டும். ஆன்-கால் வாரத்துக்கு என்று தனியாகப் பணம் எனக்கு இல்லை. சைட்டில் மெஷினைத் தொட்ட நேரத்துக்குத்தான் ஓவர்டைம். வண்டி ஓட்டிய நேரம் வேலையாக எண்ணப்படவில்லை. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து இன்டர்வியூவுக்குப் போன இடங்களில், கடந்த மூன்று மாத ஆன்-கால் ரோஸ்டரைப் பெயர்களை மறைத்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். ஒரு இடத்தில் "அதெல்லாம் சேர்ந்த பிறகு" என்றார்கள், அங்கே நான் மேற்கொண்டு போகவில்லை. இன்னொரு இடத்தில் மறுநாளே அனுப்பினார்கள். ஐந்து பேர், 13 வாரம், யாருக்கும் மூன்று வாரத்துக்கு மேல் இல்லை. மெஷின் எண்ணிக்கை, ஊர்ப் பட்டியல், இப்போது காலியாக இருக்கும் போஸ்ட் எத்தனை என்பதையும் கேட்டேன். ஒன்று காலி, அதற்குத்தான் என்னை எடுக்கிறார்கள் என்று எழுதியே கொடுத்தார்கள். அந்த ஏரியாவில் வேலை பார்க்கும் ஒருவரோடு தனியாகப் பேச வேண்டும் என்றதற்கும் நம்பர் கொடுத்தார்கள். அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: போன மாதம் எத்தனை நாள் இரவுச் சாப்பாடு வீட்டில் சாப்பிட்டீர்கள்? கொஞ்சம் எண்ணிப் பார்த்துவிட்டு, இருபத்தி மூன்று என்றார்.