இரவுக்கு மரச்சீனியா, கஞ்சியும் பயறுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கஞ்சி பயறு கட்சி. நாலு மாதமாக வாரத்தில் ஐந்து நாள் ராத்திரிக்கு அதுதான். அதற்கு முன்னால் இரண்டு மாதம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுப் பார்த்தேன், அதுவும் எடை குறைக்கத்தான். எதற்காக மாறினேன் என்பதுதான் இந்தக் கணக்கு.

தக்கலையில் நாற்காலி வேலை. நாளைக்கு 1,600 கலோரி என்று வைத்துக்கொண்டால் எடை மெல்ல இறங்குகிறது. பகல் எப்படியோ ஓடிவிடும். சிக்கல் ராத்திரி பத்தரைக்கு. அந்த நேரத்தில் முறுக்கு டப்பாவைத் திறந்தால் பகலெல்லாம் மிச்சம் பிடித்தது பத்து நிமிடத்தில் போய்விடும். அதனால் ராத்திரிச் சாப்பாட்டிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: 500 கலோரிக்குள் நின்று, விடியும்வரை என்னை அடுக்களைப் பக்கம் அனுப்பாமல் இருக்க முடியுமா?

சப்பாத்தியும் ஓட்ஸும் இந்தப் பந்தயத்தில் இல்லை. சப்பாத்தி இரண்டோடு நிற்காது. ஓட்ஸ் பசி தாங்கும், அதில் தகராறு இல்லை. அதன் நார்ச்சத்தில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து கொழகொழவென்று ஆகி இரைப்பையில் மெல்ல நகரும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு ஓட்ஸ் கிண்டிச் சாப்பிட எனக்கு மனசு வரவில்லை.

சரி, மரச்சீனி. நம் குமரி மாவட்டத்தில் இதைக் குறைத்துப் பேசினால் அடிக்க வருவார்கள். நியாயமும் இருக்கிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தக் கிழங்கை ஊரெங்கும் பரப்பினார். 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தக் கிழங்கு நம் அடுக்களையை விட்டுப் போகவில்லை. சாளைக்கறியோடு அதை வெல்ல ஒன்றுமில்லை. கிழங்குதானே, பசி தாங்கும் என்று நம்பித்தான் நானும் தொடங்கினேன்.

அங்கேதான் தப்புக்கணக்கு. 1995-ல் ஆஸ்திரேலியாவில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒரே அளவில், 240 கலோரிக்கு அளந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்றால் அவித்த உருளைக்கிழங்குக்கு 323. பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். இதைப் படித்துவிட்டு எல்லாக் கிழங்கும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் 240 கலோரிக்கு அவித்த உருளைக்கிழங்கு 275 கிராம் வரும், தட்டு நிறையும். அதே 240 கலோரிக்குத் தோல் சீவிய பச்சை மரச்சீனி 150 கிராம்தான், இரண்டு துண்டு. உருளையில் தண்ணீர் அதிகம், மரச்சீனியில் மாவு அதிகம். இரைப்பைச் சுவர் விரிவதை உணர்ந்துதான் போதும் என்ற செய்தி மூளைக்குப் போகிறது. அந்தச் சுவருக்குக் கலோரி எண்ணத் தெரியாது, கொள்ளளவு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு சங்கதி, நன்றாக வெந்த மரச்சீனி வாயில் வைத்ததும் கரைகிறது. மெல்ல வேண்டிய வேலையே இல்லை. வயிறு சொல்லி முடிப்பதற்குள் தட்டு காலி.

ஆனாலும் என்னை மாற வைத்தது கிழங்கு இல்லை. தேங்காய்தான்.

ஒரு சனிக்கிழமை சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வந்து, அம்மா வழக்கம்போலச் செய்வதை அப்படியே நிறுத்துப் பார்த்தேன். என் பங்குக்கு வந்த பச்சைக் கிழங்கு 250 கிராம், அது 400 கலோரி. அவித்து வடித்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டுக் குழைத்ததில் என் பங்குத் தேங்காய் 40 கிராம். மீன்கறி அரைப்பில் 30 கிராம். தேங்காய் 100 கிராமுக்கு 350 கலோரிக்குக் குறையாது, ஆக இந்த 70 கிராம் மட்டும் 245. மீன் 100 கிராமுக்கு 150 வைத்தேன், எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு 45. மொத்தம் 840. எடை பார்த்தால் அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். நாள் கணக்கில் பாதிக்கு மேல் ஒரு தட்டில் போயிருக்கிறது, அதில் கால் பங்குக்கும் அதிகம் கண்ணுக்கே தெரியாத அரைப்பிலும் துருவலிலும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "தேங்கா இல்லாம பின்ன என்ன கறி மக்ளே?" என்றாள். சிரித்துவிட்டுப் போக முடியாத கேள்வி அது. மரச்சீனிக்குத் தானாக ருசி குறைவு, தொண்டையில் இறங்கக் கொழுப்போ குழம்போ வேண்டும். தேங்காயை எடுத்தால் சாப்பாடே எடுபடாது. என் மனைவி வேறு வழியாக வந்தாள்: தேங்காயிலும் நார்ச்சத்து இருக்கிறதே? இருக்கிறது, 100 கிராமில் 9 கிராம். ஆனால் அந்த 9 கிராமுக்கு 350 கலோரி கொடுக்க வேண்டும். ஏறத்தாழ அதே கலோரிக்குத் தோலோடு இருக்கும் சிறுபயறு 100 கிராம் வரும், அதில் நார்ச்சத்து 16 கிராமுக்கு மேல், புரதம் 22 கிராமுக்கு மேல்.

இப்போது கஞ்சிப் பக்கம். சிவப்புப் புழுங்கலரிசி 50 கிராம், 175 கலோரி. தண்ணீர் தாராளமாக வைத்துக் குழைய விட்டால் கிண்ணத்தில் 450 கிராம் கஞ்சி. பயறு காய்ந்த நிலையில் 50 கிராம், 170 கலோரி. தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45. தேங்காய் 15 கிராம், 53. கூடவே வாழைத்தண்டுத் துவரன் 150 கிராம், முப்பது கலோரி சொச்சம். தண்டை வட்டமாக நறுக்கும்போது வரும் நூலை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கும் வேலை என்னுடையது. மொத்தம் 475 கலோரி. எடை முக்கால் கிலோ. மரச்சீனித் தட்டைவிட 200 கிராம் கூடுதல், கலோரியில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

பயறுக்கும் தேங்காய் போடத்தானே செய்கிறோம் என்று கேட்கலாம். போடுகிறோம், ஆனால் பயறு குறைந்த தேங்காயைப் பொறுத்துக்கொள்கிறது. கடுகு, வற்றல்மிளகாய், தட்டின பூண்டு, கருவேப்பிலை இருந்தால் 15 கிராமிலேயே மணம் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தீர்ப்புச் சொன்னது இது ஒன்றுதான்: தேங்காயைக் குறைத்த பிறகும் எந்தச் சாப்பாடு மறுநாளும் சாப்பிடும்படி இருக்கிறது?

கஞ்சியில் இருப்பது வெறும் தண்ணீர்தானே, சோறு தின்றுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் போதாதா என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். செய்து பார்த்தேன், பத்து மணிக்கே பசித்தது. அமெரிக்காவில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1999-ல் வெளியிட்ட சோதனையும் இதே கேள்விதான். ஒரே பண்டத்தைக் கட்டியாகவும், கட்டியோடு டம்ளர் தண்ணீராகவும், அதே தண்ணீரைச் சேர்த்துக் காய்ச்சிய சூப்பாகவும் பெண்களுக்குக் கொடுத்தார்கள். சூப் குடித்த நாளில்தான் அடுத்த சாப்பாடு குறைந்தது. தனியாகக் குடித்த தண்ணீர் அந்த வேலையைச் செய்யவில்லை. அதனால் கஞ்சித் தண்ணீரை வடித்து வைத்துத் தனியாகக் குடிக்காதீர்கள், பருக்கையோடு சேர்த்துக் கோரிக் குடியுங்கள். வீட்டில் பலா இலை இருந்தால் கோட்டி ஈர்க்கு குத்திக்கொள்ளுங்கள். ஸ்பூனைவிட அதில் கொஞ்சம்தான் வரும், கிண்ணம் முடிய எனக்கு இருபது நிமிடம் ஆகிறது.

பயறில் நான் சொதப்பியதும் உண்டு. முதல் வாரம் ஆர்வத்தில் 80 கிராம் போட்டேன். வயிறு உப்பி, ராத்திரி முழுக்கக் காற்று. பெருங்குடல் கிருமிகள் அந்த நாரையும் சில சர்க்கரைகளையும் புளிக்க வைப்பதால் வருவது அது. 25 கிராமில் தொடங்கி மூன்று வாரத்தில் 50-க்கு ஏற்றினேன், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தேன், அடங்கிவிட்டது. நார் கூடும்போது பகலில் தண்ணீர் குறைந்தால் மலம் கட்டும், அதையும் பார்த்தேன். இன்னொரு நாள் அவசரத்தில் பயறைக் கஞ்சியோடு மிக்ஸியில் அடித்துக் குடித்தேன். அதே கலோரி, அதே நார். ஆனால் நாலு நிமிடத்தில் முடிந்துபோனது, முறுக்கு டப்பாவும் திறந்தது.

அதற்காகப் பயறு மந்திரம் என்று சொல்ல வரவில்லை. ஹோல்ட் பட்டியலில் பருப்புக்கு 133 தான், வெள்ளைச் சோறு 138, பழுப்பரிசி 132. அரிசியின் நிறமோ பயறு மட்டுமோ காரணமாக இருந்தால் எனக்கு இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது. தண்ணீரும் தண்டும் தேங்காய்க் குறைப்பும் சேர்ந்துதான் வேலை நடக்கிறது என்பது என் ஊகம். இது ஒருத்தன் வயிற்றில் பார்த்தது, அதுவும் உட்கார்ந்து வேலை செய்பவன் வயிறு. விடியும் முன்னே ரப்பர் வெட்டப் போகிறவருக்கும் குளச்சலில் கடலுக்குப் போகிறவருக்கும் 475 கலோரி காணாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை இப்படிக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும், ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடலாம்.

மரச்சீனிக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். 150 கிராம் கிழங்கைக் குழைக்காமல் துண்டாக அவித்து, தேங்காய் அரைக்காத புளிக்கறியில் மீனைக் கூட்டி 150 கிராமாக வைத்தபோது கணக்கு 500-ஐ ஒட்டி நின்றது, பசியும் பரவாயில்லை. மீனின் புரதம் கைகொடுத்திருக்கும், அந்தப் பட்டியலிலும் மீனுக்கு 225. ஆனால் அந்த 150 கிராமோடு என்னால் எழுந்திருக்க முடிந்தது மூன்று தடவையில் ஒரு தடவைதான். சட்டியில் மீதி கிழங்கு இருப்பது தெரியும்.

அதனால் இப்போது மரச்சீனி ஞாயிறு மத்தியானத்துக்குப் போய்விட்டது. அன்றைக்குத் தராசு பரண்மேல், அரைப்பு அம்மா கையளவு.